குலாப் ஜாமூன் மிக்ஸ்ல பாதி பாக்கெட் மட்டும் போட்டா தண்ணி, பாகு, உருண்டை கணக்கு எப்படி வைக்கிறது?

ரெண்டு பேரோ மூணு பேரோ இருக்கிற வீட்ல 200 கிராம் குலாப் ஜாமூன் மிக்ஸ முழுசா போட்டா 40 ஜாமூன் வந்து நிக்கும், அதை யாரு சாப்பிடறது, மூணாவது நாள்ல இருந்து ஃபிரிட்ஜ் திறக்கும்போதெல்லாம் அந்த டப்பா நம்மளையே பாத்துட்டு இருக்கும். அதனால பாதி போடலாம்னு எல்லாருக்கும் தோணுறது சரிதான். ஆனா பாக்கெட் பின்னாடி முழு பாக்கெட்டுக்குத்தான் அளவு போட்டிருப்பாங்க, பாதிக்கு என்ன செய்யணும்னு நான் பாத்த எந்த பாக்கெட்லயும் இல்ல, கேட்டா எல்லாரும் "எல்லாத்தையும் பாதியாக்கு, அவ்ளோதான்"னு சொல்லுவாங்க. அப்படி எல்லாத்தையும் பாதியாக்க முடியாதுங்கிறதுதான் விஷயமே. சிலது பாதியாகும், சிலது பாதியாகும் ஆனா பாத்திரத்தையும் மாத்தணும், சிலது பாதியாகவே ஆகாது. எது எதுன்னு தெரிஞ்சுக்காம மாவு ஒட்டி, பாகு இறுகி ரொம்ப கஷ்டப்பட்டு கத்துக்கிட்டது இது, முதல் தடவை செய்றவங்களுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம்னு வரிசையா எழுதுறேன்.

எண்ணெல்லாம் ஒரே கணக்குல வர்றதுக்காக ஒரு உதாரணத்த வச்சுக்குவோம். பாக்கெட் எடை 200 கிராம், பிசைய தண்ணி 100 மில்லி, சர்க்கரை 800 கிராம், பாகுக்கு தண்ணி 800 மில்லி, 40 ஜாமூன். உங்க பாக்கெட்ல இது கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், கம்பெனிக்கு கம்பெனி மாறும். உங்க பாக்கெட்ல இருக்கிற எண்ண வச்சு இதே மாதிரி போட்டுக்கோங்க.

1. கத்தரிக்கோல் எடுக்கறதுக்கு முன்னாடி பாக்கெட் பின்பக்கத்த படிங்க

பாக்கெட்ட கிழிச்சிட்டா அந்த எழுத்து பாதி கிழிஞ்சு போயிடும், மிச்ச மாவ எடுக்கிற அன்னைக்கு அளவு தெரியாம நிப்பீங்க. அதனால முதல்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. பாக்க வேண்டியது நாலே விஷயம்: நிகர எடை, பிசையுற தண்ணி, பாகுக்கு சர்க்கரையும் தண்ணியும், எத்தனை ஜாமூன் வரும்னு போட்டிருக்கிற எண்.

இதுல ஒரு பெரிய பொறி இருக்கு. சில பாக்கெட்ல அளவு "கப்"ல இருக்கும், அந்த கப் எவ்ளோ பெருசுன்னு இருக்காது. சில வீட்ல கப்புன்னா 240 மில்லி அளவு கப், சில வீட்ல 200 மில்லி புடிக்கிற டம்ளர், சில வீட்ல காபி டம்ளர். முழு பாக்கெட் போடும்போது இந்த வித்தியாசத்த மாவு ஓரளவு தாங்கும், பாதி போடும்போது தாங்காது. அதனால கிராம், மில்லில போட்டிருக்கிற பாக்கெட்டா பாத்து வாங்குங்க. டேபிள்ஸ்பூன்னு போட்டிருந்தா 15 மில்லி, டீஸ்பூன்னா 5 மில்லின்னு மாத்திக்கலாம், பிரச்சனை இல்ல.

இன்னொன்னு, பண்டிகை சமயத்துல ஒண்ணு வாங்குனா ஒண்ணு இலவசம்னு ரெண்டு சின்ன பாக்கெட்ட சேர்த்து ஒட்டி விப்பாங்க. அதுல பின்னாடி இருக்கிற அளவு ஒரு பாக்கெட்டுக்கா ரெண்டுக்கும் சேர்த்தான்னு எடைய வச்சு சரிபாத்துக்கோங்க. ஒரு பாக்கெட்டுக்குன்னா உங்களுக்கு பாதி கணக்கே வேண்டாம், ஒண்ண பிரிச்சா போதும்.

2. மாவ பாதியா பிரிக்கிறது

பாக்கெட்ட கிழிச்சு கண்ணு மதிப்புல பாதிய கொட்டிக்கிறதுதான் நிறைய பேர் பண்றது, அதுலயே பாதி தப்பு ஆரம்பிச்சிடும். மிக்ஸ்னா அது மைதா, பால் பவுடர், கொஞ்சம் கொழுப்பு, உப்பி வர்றதுக்கான சோடா மாதிரி பொருள், சிலதுல ஏலக்காய் எல்லாம் கலந்தது. கடைக்கு வந்து அலமாரில நின்னு, வண்டில குலுங்கி வர்றதுல இதெல்லாம் ஒரே சீரா இருக்கும்னு நம்பிட முடியாது, அடியில கட்டியாவும் இருக்கும். அதனால முழு பாக்கெட்டையும் நல்லா காஞ்ச அகலமான பாத்திரத்துல கொட்டி, காஞ்ச ஸ்பூனால கட்டிய உடைச்சு மேலயும் கீழயும் ஒரு நிமிஷம் கலந்துட்டு அப்புறம் பிரிங்க. இத செய்யலன்னா ஒரு பாதி நல்லா உப்பும், இன்னொரு பாதி கல்லு மாதிரி வரும், ஏன்னே புரியாது.

பிரிக்கிறதுக்கு சமையல் தராசு இருந்தா ரொம்ப நல்லது, 100 கிராம் போட்டு நிறுத்தினா முடிஞ்சது. அதே தராசுல தண்ணியையும் எடை போட்டுக்கலாம், 1 மில்லி தண்ணி 1 கிராம்தான். தராசு இல்லாதவங்க ஒரே மாதிரி ரெண்டு டம்ளர் எடுத்து, ஒரு ஸ்பூன் இதுல ஒரு ஸ்பூன் அதுலன்னு மாத்தி மாத்தி போட்டுட்டு வாங்க, ரெண்டும் ஒரே மட்டத்துக்கு வரும். டம்ளர தட்டவோ மாவ அமுக்கவோ கூடாது, பால் பவுடர் கலந்த மாவு அமுக்குனா நல்லாவே உள்ள இறங்கிடும், அப்புறம் ஒரு பக்கம் கூட போயிடும்.

பிரிச்ச உடனே மிச்ச பாதிய டப்பால போட்டு மூடிடுங்க. ஈரக்கை படறதுக்கு முன்னாடி அது உள்ள போயிடணும். எப்படி வைக்கிறதுன்னு கடைசில சொல்றேன்.

3. எத்தனை உருண்டை, என்ன சைஸ்

தண்ணிக்கு முன்னாடி இத முடிவு பண்ணிக்கணும், ஏன்னா பொரிக்கிற நேரம், பாகு பாத்திரம் எல்லாம் சைஸ் வச்சுத்தான். 200 கிராம் மாவும் 100 மில்லி தண்ணியும் சேர்ந்தா சுமாரா 300 கிராம் பிசைஞ்ச மாவு. அதுல 40 ஜாமூன்னா ஒண்ணு 7.5 கிராம். பாதில 150 கிராம், அதே சைஸ்ல 20.

இங்க நிறைய பேருக்கு ஒரு ஆசை வரும், கொஞ்சமாத்தானே பண்றோம், கடைல விக்கிற மாதிரி பெருசா ஒரு 10 உருட்டிடலாம்னு. ஒண்ணு 15 கிராம் ஆயிடும். வெளிய சீக்கிரம் செவந்துடும், நடுவுல வேகாது, பாகு நடு வரைக்கும் போறதுக்குள்ள வெளி தோல் கரைய ஆரம்பிச்சிடும். ரெடிமேட் மிக்ஸ் சின்ன உருண்டைக்குத்தான் சரியா வரும். ஆசைப்பட்டா 10 கிராம் வரைக்கும் போங்க, அப்போ 15 வரும், தீய இன்னும் கொறச்சு வச்சு நேரம் கூட்டிக்கணும்.

தராசு இல்லாம 20 சமமா உருட்ட ஒரு வழி இருக்கு. பிசைஞ்ச மாவ நாலா வெட்டுங்க, ஒவ்வொரு காலையும் திரி மாதிரி நீளமா உருட்டி அஞ்சா வெட்டுங்க. கண்ணு மதிப்புல ஒவ்வொண்ணா கிள்ளி எடுத்தா முதல் உருண்டை பெருசா, கடைசி உருண்டை சுண்டைக்காய் மாதிரி வரும், அப்புறம் ஒரே ஈட்ல சிலது கருகும் சிலது வேகாது.

4. பிசையுற தண்ணி

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் பொறுமையா படிங்க.

கணக்குப்படி 100 மில்லில பாதி 50 மில்லி. ஆனா 50 மில்லிய ஒரே தடவையா ஊத்தாதீங்க, 40 மில்லி ஊத்தி நிறுத்துங்க. மிச்ச 10 மில்லிய ஒவ்வொரு டீஸ்பூனா, தேவைப்பட்டா மட்டும். ஏன்னு கேட்டா, முழு பாக்கெட்ல கை தவறி ஒரு டீஸ்பூன் தண்ணி கூட போனா 200 கிராம் மாவுக்கு 5 மில்லி, தெரியவே தெரியாது. அதே டீஸ்பூன் 100 கிராம் மாவுல ரெண்டு மடங்கு வித்தியாசம் காட்டும், மாவு கையில பசை மாதிரி ஒட்டிக்கும். அளவு குறைய குறைய தவறுக்கு இடம் குறையுது.

எதிர்வீட்டு அக்கா ஒருதடவை "பாதி தண்ணிதானம்மா ஊத்துனேன், ஏன் இப்படி கொழகொழன்னு இருக்கு"ன்னு கேட்டாங்க. போய் பாத்தா முழு பாக்கெட்டுக்கு அரை டம்ளர்னு போட்டிருக்கு, அதனால கால் டம்ளர்னு ஊத்திருக்காங்க, அந்த டம்ளர் பெரிய மோர் டம்ளர். கால் டம்ளர்ங்கிறத கண்ணால பாத்து ஊத்துறதுல 10, 15 மில்லி சாதாரணமா தவறும். இதுக்கு வீட்லயே நல்ல அளவு இருக்கு: இருமல் மருந்து பாட்டில் மேல வர்ற கோடு போட்ட சின்ன பிளாஸ்டிக் கப். 5, 10 மில்லின்னு கோடு இருக்கும், நல்லா கழுவி காய வச்சு இதுக்குன்னே தனியா வச்சுக்கோங்க. 10 மில்லி கோடு வரைக்கும் நாலு தடவை ஊத்துனா 40. வீட்ல இருக்கிற டீஸ்பூன நம்பாதீங்க, ஒரு ஸ்பூன் 3 மில்லி புடிக்கும், இன்னொண்ணு 7 புடிக்கும்.

40 மில்லி ஊத்தினதும் விரல் நுனியால மாவ சேர்த்து சேர்த்து ஒண்ணாக்குங்க. சப்பாத்திக்கு பிசையுற மாதிரி அழுத்தி தேய்க்கக் கூடாது. உள்ள மைதா இருக்கு, அழுத்தி பிசைஞ்சா இழுவை வந்துடும், ஜாமூன் ரப்பர் மாதிரி ஆகி பாகு உள்ள போகாது. கொஞ்சம் மாவா இருக்கறதால கை சும்மா இருக்காம பிசைஞ்சுட்டே இருக்கத் தோணும், அதான் ஆபத்து. மாவு ஒண்ணா சேர்ந்த உடனே கைய எடுத்துடுங்க.

அந்த நேரத்துல மாவு கொஞ்சம் ஒட்டுற மாதிரிதான் இருக்கணும். பயந்து உடனே மாவு தூவாதீங்க. மூடி வச்சு 5 லேர்ந்து 10 நிமிஷம் விடுங்க, பால் பவுடரும் மைதாவும் தண்ணிய மெதுவா இழுத்துக்கும், ஒட்டுன மாவு தானா சரியாயிடும். இந்த ஓய்வு நேரத்த பாதியாக்க முடியாது, 200 கிராமா இருந்தாலும் 100 கிராமா இருந்தாலும் தண்ணி உள்ள இறங்க அதே நேரம்தான் ஆகும். ஆனா ஒண்ணு, சின்ன உருண்டை மாவு பெரிய மாவ விட சீக்கிரம் மேல காஞ்சு போகும், அதனால ஈரத்துணி பிழிஞ்சு மேல போட்டோ, சின்ன கிண்ணத்துல இறுக்க மூடியோ வைங்க. ஃபேனுக்கு அடியில வேண்டாம்.

பத்து நிமிஷம் கழிச்சு உள்ளங்கைல நெய் ஒரு சொட்டு தடவி ஒரு உருண்டை உருட்டிப் பாருங்க. முதல்ல லேசா அமுக்கி, அப்புறம் அழுத்தாம சுத்தணும். மேல கோடு கோடா விரிசல் வந்தா தண்ணி பத்தல, மிச்சம் வச்ச 10 மில்லில ஒரு டீஸ்பூன் தெளிச்சு சேர்த்துட்டு திரும்ப 3 நிமிஷம் விடுங்க. விரிசல் இல்லாம வழுவழுன்னு வந்தா நிறுத்திடுங்க, தண்ணி மிச்சம் இருந்தாலும் பரவால்ல, 50 மில்லிய முடிச்சே ஆகணும்னு கட்டாயம் இல்ல. உருட்டி தட்டுல வச்சதும் அப்படியே அடியில சப்பையா உக்காந்தா தண்ணி கூடிப்போச்சு.

தண்ணி கூடிப்போனா பாதி பாக்கெட்காரங்களுக்கு ஒரு வசதி இருக்கு. மிச்ச பாதி கையிலயே இருக்கு, அதுல ஒரு டீஸ்பூன், ரெண்டு டீஸ்பூன் எடுத்து சேர்த்துக்கலாம். மைதா மட்டும் சேர்க்காதீங்க, ஜாமூன் கெட்டியாயிடும். சேர்த்த பிறகு மறக்காம மிச்ச மாவ எடை போட்டு எழுதிக்கோங்க. அது இப்போ 100 கிராம் இல்ல, 90 கிராம்னா அடுத்த தடவை தண்ணி 45 மில்லிதான் கணக்கு, அதுலயும் 35 ஊத்தி ஆரம்பிக்கணும்.

தண்ணிக்கு பதிலா பால் ஊத்துறவங்களுக்கு: பால்ல எட்டுல ஏழு பங்கு கிட்டத்தான் தண்ணி, மிச்சம் கொழுப்பும் மத்ததும். அதனால அதே 50 மில்லி பால் ஊத்துனா மாவு ஒரு சொட்டு இறுக்கமா இருக்கும், கடைசில ஒரு டீஸ்பூன் கூட பிடிக்கலாம். பால் ஊத்துனா நிறமும் சீக்கிரம் ஏறும், தீய கொறச்சுக்கணும்.

5. பாகு: அளவு பாதி, பாத்திரமும் சின்னது

சர்க்கரை 400 கிராம், தண்ணி 400 மில்லி. இது சரியா பாதிதான், கணக்குல குழப்பமே இல்ல. அரை கிலோ பாக்கெட்ல அஞ்சுல ஒரு பங்கு மிச்சம் வைக்கிற அளவு. குழப்பம் வர்றது பாத்திரத்துல.

எல்லாரும் வழக்கமா ஜாமூன் பண்ற அகல பாத்திரத்தையே எடுப்பாங்க. 24 செமீ அகலம்னு வச்சுக்குவோம். 400 கிராம் சர்க்கரையும் 400 மில்லி தண்ணியும் கரைஞ்சா சுமாரா 650 மில்லி வரும், அந்த பாத்திரத்துல அது ஒன்றரை செமீ உயரம் கூட நிக்காது. பொரிச்ச ஜாமூன் அதுல பாதி மூழ்கும், பாதி வெளிய நிக்கும், அடி இனிக்கும் மேல வறண்டு கிடக்கும். அதே பாக 16 செமீ பாத்திரத்துல ஊத்துனா மூணு செமீக்கு மேல நிக்கும், 20 ஜாமூனும் உள்ள போனா பாகு இன்னும் மேல ஏறி எல்லாத்தையும் மூடிடும்.

அகல பாத்திரத்துல இன்னொரு பிரச்சனையும் இருக்கு. தண்ணி ஆவியா போறது பாகோட மேற்பரப்ப பொறுத்தது, அளவு பாதியானாலும் அகலம் அதேன்னா ஒரு நிமிஷத்துக்கு போற தண்ணி கிட்டத்தட்ட அதேதான். பாக்கெட்ல 10 நிமிஷம் கொதிக்க விடுங்கன்னு போட்டிருந்தா, அது முழு பாகுக்கு. பாதி பாக அதே பாத்திரத்துல 10 நிமிஷம் கொதிக்க விட்டா ரெண்டு மடங்கு சுண்டிடும், பிசுபிசு பதத்த தாண்டி கம்பிப் பதத்துக்கு போயிடும். கம்பிப் பதம் மைசூர் பாக்கு மாதிரி இனிப்புக்குத்தான் வேணும், ஜாமூனுக்கு வேண்டாம். அவ்ளோ கெட்டியான பாகு ஜாமூனுக்குள்ள போகாது, மேலயே நின்னுட்டு ஆறுனதும் சர்க்கரையா பூத்துடும்.

அதனால சின்ன பாத்திரம், மிதமான தீ, கொதி வந்த பிறகு 3 நிமிஷத்துலயே பாக்க ஆரம்பிங்க. கரண்டில ஒரு சொட்டு எடுத்து ஆற விட்டு ரெண்டு விரலுக்கு நடுவுல தொட்டா பிசுக்குன்னு ஒட்டணும், விரல விரிச்சா கம்பி வரக் கூடாது. அவ்ளோதான், அடுப்ப அணைச்சிடுங்க. ஏலக்காய் தட்டிப் போட்டு, எலுமிச்ச சாறு நாலஞ்சு சொட்டு விட்டா திரும்ப சர்க்கரையா பூக்காது. ஏலக்காய் ரெண்டு போதும், மிக்ஸ்லயே இருந்தா ஒண்ணே போதும்.

கம்பி வந்துடுச்சா? கொட்ட வேண்டாம். ரெண்டு மூணு டேபிள்ஸ்பூன் கொதிக்கிற தண்ணி ஊத்தி ஒரு கொதி விட்டா பழைய பதத்துக்கு வந்துடும். பச்சத்தண்ணி ஊத்துனா அடியில கட்டி புடிக்கும், கரைய நேரமாகும்.

செலவு பத்தி ஒரு வார்த்தை. சிலர் மிச்சம் பண்ணலாம்னு பாக பாதிக்கும் கீழ, 300 கிராம் சர்க்கரைக்கு கொறச்சிடுவாங்க. சர்க்கரை கிலோ 45 ரூபான்னு வச்சா அதுல மிச்சம் ஆகறது அஞ்சு ரூபா கூட இல்ல, ஆனா ஜாமூன் மூழ்காம போயிடும். இனிப்பு கொறவா வேணும்னா சர்க்கரைய மட்டும் கொஞ்சம் கொறச்சு தண்ணிய அப்படியே விடுங்க, உயரம் இருக்கும். சாப்பிட்டு முடிச்சதும் மிஞ்சுற பாகு எப்படியும் எலுமிச்ச ஜூஸுக்கு ஆகும், வீணாகாது.

6. எண்ணெய பாதியாக்காதீங்க, வாணலிய சின்னதாக்குங்க

எண்ணெய் எவ்ளோன்னு பாக்கெட்ல போடவே மாட்டாங்க. இங்க கணக்கு மாவு எடை இல்ல, ஆழம். ஜாமூன் உருண்டு பெரள நாலு செமீ ஆழமாவது வேணும். பெரிய வாணலில அரை லிட்டர் ஊத்துறவங்க பாதி மாவுக்கு கால் லிட்டர் அதே வாணலில ஊத்துனா ஜாமூன் அடிய தொட்டுட்டே இருக்கும், ஒரு பக்கம் கருப்பு வட்டம் விழும். தாளிக்கிற கரண்டிய விட கொஞ்சம் பெருசா இருக்கிற குழிவான சின்ன வாணலி எடுங்க, அதுல கால் லிட்டர் கொஞ்சம் கூட ஊத்துனா போதுமான ஆழம் கெடைக்கும்.

கொஞ்சமான எண்ணெய் சட்டுனு சூடேறும், உருண்டைங்கள போட்டதும் சட்டுனு ஆறும், ரெண்டும் நடக்கும். அதனால தீய கொறச்சு வச்சு ஈட்டுக்கு ஆறு ஏழு மட்டும் போடுங்க, 20 உருண்டைக்கு மூணு ஈடு. எண்ணெய் பதம் பாக்க மிளகு அளவு மாவ போடுங்க. அடியில போய் கொஞ்ச நேரம் இருந்துட்டு சின்ன குமிழோட மெதுவா மேல வந்தா சரி. போட்ட உடனே துள்ளி மேல வந்து செவந்தா சூடு அதிகம், அடுப்ப அணைச்சு ரெண்டு நிமிஷம் ஆற விடணும்.

முழுசா போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு உருண்டைய பொரிச்சு பாருங்க. 20ல ஒண்ணு போனா போகட்டும், மிச்சம் 19 தப்பிக்கும். அது வெடிச்சு வாய் பிளந்தா ஒண்ணு மாவு வறண்டிருக்கு இல்ல எண்ணெய் சூடு அதிகம். எண்ணெய்ல கரைஞ்சு சப்பையானா தண்ணி கூட. உப்பாம அதே சைஸ்ல கல்லு மாதிரி வந்தா மாவ அழுத்தி பிசைஞ்சாச்சு, இல்லன்னா மிக்ஸ் பழசாகி உப்புற சக்தி போயிடுச்சு. வெளிய நல்ல நிறம், பிச்சுப் பாத்தா நடுவுல வெள்ளையா மாவா இருந்தா தீய இன்னும் கொறைங்க.

ஒரு ஈடு வேக 5 லேர்ந்து 7 நிமிஷம் ஆகும், மெதுவா கரண்டியால எண்ணெய சுத்தி விட்டுட்டே இருந்தா ஜாமூன் தானா பெரண்டு எல்லா பக்கமும் ஒரே நிறமா வரும். மாவு பாதின்னு நேரம் பாதியாகாது, ஈடு எண்ணிக்கைதான் கொறையும்.

7. ஊற வைக்கிறதும் மொத்த நேரமும்

பொரிச்ச ஜாமூன ஒரு நிமிஷம் வடிய விட்டு பாகுல போடுங்க. பாகு கை பொறுக்கிற சூட்டுக்கு கொஞ்சம் மேல இருக்கணும், கொதிச்சுட்டு இருக்கக் கூடாது. கொதிக்கிற பாகுல போட்டா தோல் சுருங்கும், ஆறிப்போன பாகுல போட்டா உள்ள இழுக்காது. இங்கயும் பாதி அளவால ஒரு சிக்கல், கொஞ்சமான பாகு சீக்கிரம் ஆறிடும். பாகு ரெடியானதும் மூடி வைங்க, கடைசி ஈடு பொரியிற நேரத்துல தொட்டுப் பாத்து ஆறியிருந்தா லேசா சூடு பண்ணிக்கோங்க.

ஊறுற நேரம் ரெண்டு மணி நேரம், அது ஒவ்வொரு ஜாமூனோட சைஸ பொறுத்தது, 20 இருந்தாலும் 40 இருந்தாலும் அதே ரெண்டு மணி நேரம்தான். சாயங்காலம் 5 மணிக்கு ஆள் வர்றாங்கன்னா 2 மணிக்கு அடுப்பு பத்த வைக்கணும். முதல்ல பாகு, அதுக்கு கால் மணி நேரம். அப்புறம் மாவு கலந்து ஓய்வு விடற நேரத்துலயே எண்ணெய சின்ன தீல வச்சிடலாம். உருட்ட 10 நிமிஷம், மூணு ஈடு பொரிக்க 20 நிமிஷம். 3 மணிக்கு எல்லாம் பாகுக்குள்ள இருக்கும், 5 மணிக்கு நடு வரைக்கும் ஊறியிருக்கும். பாதிதானே, அரை மணில முடிச்சிடலாம்னு 4 மணிக்கு ஆரம்பிச்சா வந்தவங்களுக்கு நடுவுல வெள்ளையா இருக்கிற ஜாமூனத்தான் குடுக்க வேண்டியிருக்கும்.

8. மிச்ச பாதிய வைக்கிறது

கிழிச்ச பாக்கெட்ட மடிச்சு ரப்பர் பேண்ட் போட்டு வைக்கிறது போதாது. உள்ள இருக்கிற சோடா ஈரம் பட்டா மெதுவா வேலை செஞ்சு தீர்ந்துடும், நீங்க போடற அன்னைக்கு உப்ப சக்தி இருக்காது. பால் பவுடர் கட்டி புடிக்கும், கொழுப்பு காறல் வாசம் வரும். காத்து போகாத நல்லா காஞ்ச டப்பா, அடுப்பு மேல் அலமாரில வேண்டாம், அங்க ஆவியும் சூடும் படும்.

டப்பா மேல மூணு விஷயம் எழுதி ஒட்டுங்க: பிரிச்ச தேதி, மிச்ச எடை, ஊத்த வேண்டிய தண்ணி. பாக்கெட் பின்பக்கத்தையும் வெட்டி உள்ளயே போட்டுடலாம். பாக்கெட் மேல இருக்கிற காலாவதி தேதி பிரிக்காத பாக்கெட்டுக்கு, பிரிச்ச பிறகு எத்தனை நாள்னு தனியா போட்டிருந்தா அதுதான் கணக்கு. எதுவும் போடலன்னா நான் ஒரு மாசத்துக்குள்ள முடிச்சிடுவேன், மழைக்காலம்னா இன்னும் சீக்கிரம்.

ஃபிரிட்ஜ்ல வைக்கிறவங்க ஒண்ண மட்டும் கவனிங்க. வெளிய எடுத்த உடனே மூடிய திறக்காதீங்க, குளிர்ந்த மாவு மேல வெளிக்காத்து ஈரம் படியும். டப்பாவோட ஒரு மணி நேரம் வெளிய வச்சு சூடு சமமானதும் திறங்க.

எடுக்கிற அன்னைக்கு முதல்ல மோந்து பாருங்க. காறல் வாசம் வந்தா, வண்டு இருந்தா தூக்கிப் போட்டுடுங்க. கட்டி கட்டியா இருந்து விரல்ல நசுக்குனா உடையுதுன்னா சலிச்சு எடுத்துக்கலாம், ஆனா அது ஏற்கனவே கொஞ்சம் ஈரம் குடிச்சிருக்கு, அதனால தண்ணிய 40க்கு பதிலா 35ல ஆரம்பிச்சு ஸ்பூன் ஸ்பூனா ஏத்துங்க. சோதனை உருண்டை பொரிச்சு அது உப்பலன்னா கையில இருக்கிற சமையல் சோடாவ போட்டு சரி பண்ணப் பாக்காதீங்க, 100 கிராம் மாவுக்கு சிட்டிகை கொஞ்சம் கூடுனாலும் எண்ணெய்ல ஜாமூன் பிரிஞ்சு தூள் தூளா போயிடும், எண்ணெயும் கெடும். அந்த மாவுல இன்னும் ஒரு டீஸ்பூன் தண்ணி சேர்த்து இளக்கி, பாதி சைஸ்ல தட்டையா சின்ன சின்னதா தட்டி பொரிச்சு பாகுல போடுங்க. உருண்டை அளவுக்கு மெத்துனு இருக்காது, தட்டையா இருக்கறதால நடு வரைக்கும் பாகு ஏறிடும்.